பூவா எண்ணா: காசு சொன்னதைக் கேட்பதா, காசு விழுந்ததும் மனசு சொன்னதைக் கேட்பதா?

மார்ச் மாதம் கோலாலம்பூரில் எங்களுக்கு வீடு மாற வேண்டிய கட்டாயம். குடியிருந்த வீட்டை உரிமையாளர் விற்கப் போகிறார், இரண்டு மாதத்தில் காலி செய்யச் சொல்லிவிட்டார். மூன்று வாரம் அலைந்து கடைசியில் இரண்டு வீடு மிஞ்சியது, ஒன்று பிரிக்பீல்ட்ஸில், ஒன்று செந்தூலில். என் அலுவலகம் கேஎல் சென்ட்ரல் பக்கம், மனைவி படித்துக்கொடுக்கும் பள்ளி ஜாலான் ஈப்போ பக்கம். பிரிக்பீல்ட்ஸ் என்றால் நான் நடந்தே போய்விடலாம், அவள் காலை நெரிசலில் மாட்டுவாள். செந்தூல் என்றால் அவளுக்குப் பத்து நிமிடம், நான் கொமுட்டர் ரயிலுக்குக் காத்து நிற்க வேண்டும். பிரிக்பீல்ட்ஸில் வாடகை 1,700 வெள்ளி, கார் நிறுத்த மாதம் 150 தனி. செந்தூலில் வாடகை 1,600, கார் பார்க் உண்டு, ஆனால் ரயிலும் பெட்ரோலும் சேர்த்தால் அதுவும் 1,850ஐத் தொடுகிறது.

நல்லது கெட்டது என்று இரண்டு பத்தியாகப் பட்டியலும் போட்டோம். அதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. ஒரு வீடு தெளிவாக மட்டமாக இருந்தால் பட்டியல் அதைக் காட்டிக்கொடுக்கும். இரண்டும் சமமாக இருந்தால் பட்டியலும் சமமாகத்தான் வரும், ஒரு தாள் வீண். அதற்குப் பிறகுதான் காசைச் சுண்டலாம் என்ற பேச்சே வந்தது.

காசைச் சுண்டுவதில் இரண்டு வழி இருக்கிறது, பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, காசு எது சொல்கிறதோ அதைச் செய்துவிட்டு வேலையைப் பார்ப்பது. இன்னொன்று, காசு விழுந்த கணத்தில் உள்ளுக்குள் வருவது ‘அப்பாடா’வா ‘அடச்சே’வா என்று பார்த்து அதன்படி முடிவெடுப்பது, காசு சொன்னதற்கு நேர் எதிராகப் போனாலும் சரி. நான் இரண்டாவது கட்சி. ஆனால் முதல் வழியைச் சும்மா தள்ளிவிட முடியாது.

முதல் வழிக்குப் பெரிய சாட்சி சிகாகோ பல்கலைக்கழகத்தில் பொருளியலாளராக இருந்த ஸ்டீவன் லெவிட். வேலையை விடலாமா, உறவை முறிக்கலாமா என்று திண்டாடுகிறவர்களை இணையத்தில் காசு சுண்ட வைத்தார், 2013இல் தொடங்கிய வேலை, 20,000 சுண்டல்களுக்கு மேல் சேர்ந்தது. தலை விழுந்தால் மாற்று, இல்லாவிட்டால் இருக்கிறபடியே இரு. ஆறு மாதம் கழித்துக் கேட்டபோது, பெரிய விஷயங்களில் காசு ‘மாற்று’ என்று சொன்னவர்கள் மற்றவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தார்கள். தாமாக முன்வந்து சுண்டியவர்கள், தாமாகவே தந்த பதில்கள், அந்த அளவுக்குத்தான் அதை நம்பலாம். இருந்தாலும் அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்று: தேர்ந்தெடுக்க வேண்டிய இரண்டில் ஒன்று ‘இப்படியே இருந்துவிடலாம்’ என்றால், மனசு அந்தப் பக்கம் சாய்வதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் கேட்க வேண்டும். பழகினதைக் கைவிட மனசுக்கு எப்போதும் வலிக்கும், அதை வைத்து அது நல்லது என்று ஆகிவிடாது. இது பின்னால் எனக்கே தேவைப்பட்டது.

இரண்டாவது வழியில் ஒரு சிக்கல் உண்டு. காசு சும்மா நடிப்பு, கடைசியில் என் இஷ்டம்தான் என்று மனசுக்குத் தெரிந்துவிட்டால் அது ஒன்றும் சொல்லாது. ‘அப்பாடா’வும் வராது, ‘அடச்சே’வும் வராது. அதனால் நிஜமாகவே பணம் போகப் போகிற மாதிரி ஏற்பாடு செய்ய வேண்டும். நாங்கள் செய்தது இதுதான். இரண்டு ஏஜெண்டுக்கும் “வீட்டை எடுத்துக்கொள்கிறோம், நாளை முன்பணம் கட்டுகிறோம்” என்று வாட்ஸ்அப்பில் தட்டி, அனுப்பாமல் வைத்தோம். செந்தூலுக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்றும் ஒரு துண்டுத்தாளில் எழுதினோம்: இரண்டு மாத டெபாசிட் 3,200, தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம் 800, முதல் மாத வாடகை 1,600, ஆக 5,600. அதே கணக்கில் பிரிக்பீல்ட்ஸுக்கு 5,950. தொகையை எழுதிப் பார்த்தபோதுதான் வயிற்றில் லேசாகப் பிசைந்தது.

சுண்டும் வேலையை அக்கா மகனிடம் கொடுத்தோம். எங்கள் இருவரில் ஒருவர் சுண்டினால் பாதியில் கையால் பிடித்து “இது கணக்கில்லை” என்போம், அவனுக்கு இதில் லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. மாமாக் கடையில் தே தாரிக் வரும் நேரம், மேசையில் 50 காசு. நாம் பூவா தலையா என்கிறோம், ஆனால் மலேசியக் காசில் பூ இருக்கிறது, தலைதான் இல்லை. ஒரு பக்கம் செம்பருத்தி, மறுபக்கம் எண். பூ என்றால் பிரிக்பீல்ட்ஸ், எண் என்றால் செந்தூல். (சுண்டும்போது மேலே இருந்த பக்கமே மறுபடி மேலே விழ வாய்ப்புக் கொஞ்சம் அதிகம் என்பார்கள். 350,757 முறை சுண்டி எண்ணிப் பார்த்ததில் 50.8 விழுக்காடு வந்தது. என் கட்சிக்கு அது பொருட்டே இல்லை, எந்தப் பக்கம் விழுந்தாலும் நான் பார்ப்பது முகத்தைத்தான்.)

எண் விழுந்தது. செந்தூல்.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. “மூணு தடவை சுண்டுவோமே, ரெண்டு எது வருதோ அது” என்று வாய் தானாகச் சொன்னது. பார்க்க வேண்டிய அடையாளங்களில் இது முக்கியமானது. மறுபடி சுண்டச் சொல்லத் தோன்றுவது, காசு சரியாகச் சுழலவில்லை என்று குறை சொல்வது, புதிதாக ஒரு காரணம் திடீரென்று ஞாபகம் வருவது, எல்லாம் ‘அடச்சே’யின் உறவுக்காரர்கள். முதல் இரண்டு மூன்று நொடிக்குள் வருவதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும், அதற்குப் பிறகு மூளை நியாயம் பேச ஆரம்பித்துவிடும். மனைவி பக்கம் பார்த்தால் அவள் தோள் இறங்கியிருந்தது, மூச்சு விட்டாள். அப்பாடா.

பெரும்பாலானவர்கள் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்: ஏமாற்றம் வந்ததா, அப்படியானால் மற்றதுதான் உனக்குப் பிடித்தது, போய் எடு. நானும் முன்பெல்லாம் அப்படித்தான் நம்பினேன். ஆனால் எதைத் தேர்ந்தெடுத்தாலும் இன்னொன்று கையைவிட்டுப் போகிறது, போவது எதுவானாலும் ஒரு சுருக் இருக்கும். அந்தச் சுருக் பிடித்ததால் வந்ததா, கதவு மூடியதால் வந்ததா என்று ஒரு தடவை சுண்டியதில் தெரியாது. மனைவிதான் கேட்டாள், “என்னங்க, எது போச்சுன்னு வருத்தம்? வீடா?” பதில் சொல்ல நேரமாயிற்று. வீடு இல்லை. கல்யாணத்துக்கு முன் ஆறு வருடம் பிரிக்பீல்ட்ஸில் கடை மாடியில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். பழைய இடம், பழைய தோசைக் கடை, வெள்ளிக்கிழமை ஸ்காட் சாலைக் கந்தசாமி கோயிலுக்கு நடந்து போனது. தள்ளுபடி செய்து கேட்க வேண்டும் என்று மேலே சொன்னேனே, அது இங்கேதான் வந்தது.

அதனால் அன்றிரவு எதையும் அனுப்பவில்லை. காசு மறுபக்கம் விழுந்ததாக வைத்துக்கொண்டு தூங்கப் போனேன். பூ விழுந்துவிட்டது, பிரிக்பீல்ட்ஸ் செய்தி போய்விட்டது, நாளை 5,950 கட்டுகிறோம் என்று அதே கண்டிப்போடு நினைத்துப் பார்த்தேன். ‘அப்பாடா’ வரும் என்று எதிர்பார்த்தேன். வந்ததோ சனிக்கிழமை இரவில் விருந்தாளி வந்தால் அவர் காரை எங்கே நிறுத்துவார் என்ற யோசனையும், செந்தூல் வீட்டின் சமையலறை ஜன்னலில் அன்று அடித்த காற்று போய்விட்டதே என்ற இன்னொரு ‘அடச்சே’யும். ஆக எனக்கு இரண்டு பக்கமும் ஒரே சுருக். காலையில் மனைவியையும் அப்படியே நினைத்துப் பார்க்கச் சொன்னேன். அவளுக்கு ஒரு பக்கம் மட்டும்தான், பிரிக்பீல்ட்ஸ் என்றதும் முகம் விழுந்தது.

இரண்டு பக்கமும் சுருக் என்றால் அந்த ஆளுக்கு இரண்டும் நிஜமாகவே சமம், அவர் பேசாமல் காசு சொன்னதைக் கேட்டுவிடலாம். ஒரு பக்கம் மட்டும் என்றால் அதுதான் பதில், காசு என்ன சொல்லியிருந்தாலும். எங்கள் வீட்டில் ஒருவருக்கு முதல் வழி, ஒருவருக்கு இரண்டாவது வழி, இரண்டும் செந்தூலில் போய் முடிந்தது. காசு பூவாக விழுந்திருந்தாலும் அங்கேதான் போயிருப்போம்.

சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகத்தில் 2019இல் வெளியான ஆய்வுகள் இதற்கு ஒத்துவருகின்றன. காசு சுண்டியவர்களுக்கு, சுண்டாதவர்களைவிட, அந்தத் தேர்வின் மேல் பிடிப்போ வெறுப்போ தூக்கலாக வந்தது. இன்னும் விவரம் வேண்டும் என்று அவர்கள் கேட்பதும் குறைந்தது. அந்த இரண்டாவது விஷயம்தான் எனக்கு இதில் உண்மையான லாபம். மூன்று வாரமாக நான் தினம் இரவு வீட்டு விளம்பரங்களைத் தோண்டிக்கொண்டிருந்தேன், சுண்டிய இரவோடு அது நின்றது.

எல்லாவற்றுக்கும் இது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். நான் மொத்தமே நான்கு தடவைதான் செய்திருக்கிறேன், எல்லாம் வீடு, வண்டி, பயணம் மாதிரி விஷயங்கள். வேலை, கல்யாணம் என்று முயன்றதில்லை. ஒன்றை நேரில் பார்த்து, இன்னொன்றைப் படத்தில் மட்டும் பார்த்திருந்தால் நிச்சயம் ஏமாற்றும், பார்த்ததன் பக்கம்தான் மனசு போகும். பசியிலும் கோபத்திலும் வேண்டாம். ஒரே கேள்விக்கு இரண்டாவது தடவை சுண்டினால் மனசு உஷாராகிவிடும், ஒன்றும் வராது.

போன மாதம் அக்கா மகன் அதே 50 காசோடு வந்தான். டிப்ளோமாவுக்குப் பினாங்கா, ஜொகூரா என்று இரண்டு இடம் கிடைத்திருக்கிறதாம். “மாமா, இந்தத் தடவை நீங்க சுண்டுங்க.” ஜொகூரைப் போய்ப் பார்த்தாயா என்றேன். இல்லை என்றான். காசை அவன் சட்டைப் பையிலேயே போட்டு, முதலில் பஸ் டிக்கெட் எடு என்று அனுப்பினேன்.