‘எங்க பாத்தீங்க?’ என்றால் ஒரு கணக்கு, மெட்டாவைக் கேட்டால் இன்னொரு கணக்கு

கோவை கணபதிப் பக்கம் கிரைண்டர் பட்டறை வைத்திருக்கும் ஒருவருக்கு நான் விளம்பரக் கணக்குப் பார்க்கிறேன். கடைகளுக்குச் சரக்குப் போடுவது அவருக்குத் தனி வியாபாரம். வீடுகளுக்கு நேராக விற்பது வெப்சைட்டிலும் போனிலும் நடக்கிறது. ஒரு மாதக் கடைசியில் கணக்கோடு உட்கார்ந்தோம். 96 விற்பனை தன்னால் வந்தது என்றது ஃபேஸ்புக், இன்ஸ்டா விளம்பரங்களை நடத்தும் மெட்டா. கூகுள் ஆட்ஸ் 84 என்றது. இரண்டும் சேர்ந்து 180. அவர் பில் புக்கைப் புரட்டிவிட்டு, "வெப்சைட்ல வந்ததே 120 தானுங் தம்பி. மிச்ச அறுவது கிரைண்டர நான் செய்யவே இல்லீங்களே?" என்றார்.

(எண்களைக் கொஞ்சம் உருட்டி முழுசாக்கியிருக்கிறேன்.)

அந்த மாதம் மொத்தம் 200 ஆர்டர். 120 வெப்சைட்டில், 80 போனிலும் வாட்ஸப்பிலும். போன் ஆர்டர்களை நாங்கள் எந்தத் தளத்துக்கும் திருப்பி அனுப்புவதில்லை. ஆகவே 180 என்பது 120-க்குள் அடங்கியிருக்க வேண்டிய எண். வெப்சைட்டில் வைத்திருக்கும் பிக்சல் என்ற மெட்டாவின் கோடும் எங்கள் சர்வரும், விற்பனை நடந்தது என்று சொல்லும் ஒரே `Purchase`-ஐ இரண்டு தடவை அனுப்புகிறதா என்பதை முதலில் பார்த்தேன். இரண்டும் ஒரே விற்பனைதான் என்று காட்டும் `event_id` என்ற அடையாள எண் இரண்டிலும் ஒன்றாகப் போகவில்லை என்றால் மெட்டாவில் எண் இரட்டிக்கும். அது சரியாகத்தான் இருந்தது. அப்படியானால் குறைந்தது 60 ஆர்டருக்கு இரண்டு பேருமே "நான் கொண்டுவந்தது" என்று சொல்லியிருக்கிறார்கள்.

இதில் பொய் எதுவும் இல்லை. மெட்டாவின் வழக்கமான அளவு 7-day click, 1-day view. விளம்பரத்தைத் தொட்டு ஏழு நாளுக்குள் வாங்கினாலும், தொடாமல் கண்ணில் பட்டு ஒரு நாளுக்குள் வாங்கினாலும் அது மெட்டா கணக்கில் ஏறும். கூகுள் ஆட்ஸ் கிளிக்குக்கு வழக்கமாக 30 நாள் வரை பார்க்கும். ஒருவர் செவ்வாய்க்கிழமை இன்ஸ்டாவில் விளம்பரத்தைத் தொட்டார், வெள்ளிக்கிழமை கூகுளில் கம்பெனி பெயரை அடித்து மேலே வந்த விளம்பரம் வழியாக உள்ளே போய் வாங்கினார் என்றால், ஒரே கிரைண்டர் இரண்டு இடத்திலும் ஒன்றாக நிற்கும். அடுத்தவர் கணக்கை இவர் பார்ப்பதில்லை.

96-ஐப் பிரித்துப் பார்த்தேன். தொட்டவர்கள் 58, பார்த்ததோடு சரி என்பவர்கள் 38. அந்த 38-க்குக் கணக்குக் கொடுத்திருந்த விளம்பரங்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே வெப்சைட்டுக்கு வந்து கார்ட்டில் போட்டுவிட்டுப் போனவர்களைத் துரத்தும் விளம்பரங்கள். வாசல்வரை வந்துவிட்டவரை வரவேற்று, நான்தான் கூட்டி வந்தேன் என்பது போல. கூகுளின் 84-ல் 61 எங்கள் பெயரையே டைப் பண்ணி வந்தவை. பெயர் தெரிந்துதான் தேடியிருக்கிறார்கள். அந்தப் பெயரை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்பது கூகுளுக்குத் தெரியாது.

அதைத் தெரிந்துகொள்ளத்தான் வாங்கியவரையே கேட்பது. நான் முதலில் வைத்த கேள்வி சொதப்பல். "எங்களைப் பற்றி எவ்வாறு அறிந்தீர்கள்?" என்று பாடப் புத்தகத் தமிழில் ஒரு பட்டியல், கட்டாயம் ஒன்றைத் தொட வேண்டும், முதல் வரியில் ஃபேஸ்புக். ஃபேஸ்புக்தான் ஜெயித்தது. வரிசையை மாற்றினேன், ஜெயித்தவரும் மாறினார். சீக்கிரம் முடிக்க நினைப்பவர் கைக்கு எட்டுவதைத் தொடுகிறார், அவ்வளவுதான். பிறகு பட்டியலையும் கட்டாயத்தையும் எடுத்துவிட்டு, பணம் கட்டி முடித்த பக்கத்தில் ஒரு காலிக் கட்டம் வைத்தேன்: "எங்க கிரைண்டரப் பத்தி முதல்ல எங்க பாத்தீங்க, இல்ல யார் சொன்னாங்க?" அந்த "முதல்ல" இல்லாவிட்டால் கடைசியாகத் தொட்ட இடத்தைத்தான் எழுதுவார்கள். வருகிற பதில்களை வாரம் ஒருமுறை நானே படித்துக் கட்டம் பிரிக்கிறேன். அசல் வாசகத்தை அழிப்பதில்லை.

போன் ஆர்டருக்கு, ஆர்டர் எடுக்கும் பெண் கேட்கிறார். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க்கா, நம்ம கிரைண்டரு பத்தி யாரு சொன்னாங்க?"

"தெரிஞ்சவங்க சொன்னாங்க கண்ணு. வெல கொஞ்சம் பாத்துப் போடச் சொல்லு."

இந்த ஒரு பதிலுக்காகவே இதைத் தனியாக எழுத வேண்டும். நம்ம ஊரில் "தெரிஞ்சவங்க சொன்னாங்க" என்பது பாதி நேரம் தகவல், பாதி நேரம் பேரம். விளம்பரத்தைப் பார்த்து வந்தேன் என்றால் விலை குறையாது, ஆள் சொல்லி வந்தேன் என்றால் இருநூறு முந்நூறு குறையலாம். அதனால் விலை பேசி முடித்த பிறகே கேள்வியைக் கேட்கச் சொன்னேன். கூடவே இரண்டாவது கேள்வி ஒன்று: "அவங்க ஊட்ல நம்ம கிரைண்டரு இருக்குதுங்களா?" நிஜமாகவே சொல்லக் கேட்டு வந்தவர் இதற்குத் தயங்குவதில்லை. "எங்க நாத்தனா ஊட்ல ரண்டு வருசமா ஓடுது" என்று தானாக வரும். மற்றவர்கள் மழுப்புவார்கள், அல்லது "நெட்லதான் பாத்தேன்" என்று இறங்கி வருவார்கள்.

இப்படித் திருத்திக் கேட்ட மாதம் இது. வெப்சைட்டில் 120 பேரில் 74 பேர் எழுதினார்கள். போனில் 80 பேரில் 76 பேர் சொன்னார்கள். மொத்தம் 150 பதில். சொந்தபந்தம், தெரிந்தவர்கள் 46. யூடியூப் சமையல் சேனல் 41. கூகுள் 27. ஃபேஸ்புக், இன்ஸ்டா 24. மிச்சம் 12, கடை போர்டு, டெலிவரி வண்டியில் எழுதியிருந்த பெயர் என்று.

கூகுள் என்று சொன்ன 27 பேரையும் திரும்ப அழைத்து, என்ன டைப் பண்ணினீர்கள் என்று கேட்டோம். 20 பேர் எங்கள் பெயரைத்தான் அடித்திருந்தார்கள். அவர்கள் வேறெங்கோ கேள்விப்பட்டு வந்தவர்கள். வாசலை ஞாபகம் வைத்திருக்கிறார்கள், வழி மறந்துவிட்டது. ஆக, கேள்விக்கும் கூகுளின் நோய் கொஞ்சம் உண்டு.

யூடியூப்தான் பெரிய ஆச்சரியம். முந்தைய மாதம் ஒரு சமையல் சேனலுக்கு 40,000 ரூபாய் கொடுத்து ஒரு வீடியோ போட்டிருந்தோம். டேஷ்போர்டுகளில் அதற்குப் பெயரே இல்லை. டிவியில் ஓடும் யூடியூபில் யாரும் லிங்க்கைத் தொடுவதில்லை. வாட்ஸப்பில் பகிர்ந்த லிங்க் வழியாக வந்தவர் அனலிடிக்ஸில் பெரும்பாலும் Direct, அதாவது எங்கிருந்து வந்தார் என்று தெரியாதவர் என்று விழுவார். வீடியோவில் சொன்ன கூப்பன் கோடைப் பயன்படுத்தியவர்கள் ஆறு பேர் மட்டும். கூப்பனை நம்பியிருந்தால் அந்த வீடியோவைத் தண்டம் என்று எழுதியிருப்பேன். 41 பேரும் அந்த ஒரு வீடியோவைத்தான் பார்த்தார்களா என்பது நிச்சயமில்லை. சேனல் பெயரைச் சரியாகச் சொன்னவர்கள் பாதிக்கு மேல்.

இப்போது மெட்டாவுக்கு வருவோம். கேள்விப்படி 24, ஆனால் எல்லாரும் பதில் சொல்லவில்லையே. 24-ஐ அப்படியே 150-ல் இருந்து 200-க்குப் பெருக்கக் கூடாது. வெப்சைட் ஆட்களும் போன் ஆட்களும் வேறு வேறு மாதிரி, பதில் சொன்ன விகிதமும் வேறு. வெப்சைட்டில் 74-க்கு 20 என்றால் 120-க்கு 32. போனில் 76-க்கு 4, ஆகவே 80-க்கும் 4. மொத்தம் 36. பதில் எழுதாதவர்களும் எழுதியவர்களைப் போன்றவர்களே என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது.

மெட்டா சொல்வது 96, வாங்கியவர்கள் சொல்வது 36. மாதம் 90,000 ரூபாய் அங்கே போகிறது. 96 என்றால் ஒரு கிரைண்டருக்கு 940 ரூபாய் சுமார். 36 என்றால் 2,500. முதலாளிக்கு ஒரு கிரைண்டரில் நிற்பது 1,600. ஆகவே எந்த எண்ணை நம்புகிறோம் என்பதுதான் லாபமா நஷ்டமா என்பதைச் சொல்லும். நடுவில் சராசரி எடுப்பது சோம்பேறித்தனம், அதற்கு எந்த நியாயமும் இல்லை.

நிறுத்திப் பார்த்தோம். சேலம், நாமக்கல் மாவட்டங்களில் மெட்டா விளம்பரத்தை எட்டு வாரம் அணைத்தோம். ஈரோடு, கரூரில் அப்படியே ஓடவிட்டோம். அதற்கு முந்தைய எட்டு வாரத்தில் இரண்டு ஜோடியும் கிட்டத்தட்ட சமம், 80-ம் 82-ம். ஆர்டரை எண்ணியது எந்த டேஷ்போர்டிலும் இல்லை. டெலிவரி முகவரியின் பின்கோடைப் பார்த்து, போன் ஆர்டரையும் சேர்த்து, பில்லில் எண்ணினோம். முடிவு: ஓடிய இடத்தில் 86, அணைத்த இடத்தில் 64. வித்தியாசம் 22, அதாவது ஓடிய இடத்து ஆர்டரில் நாலில் ஒரு பங்கு. 200 ஆர்டருக்கு அதைப் போட்டால் 50 சுமார். ஒரு கிரைண்டருக்கு 1,800.

இந்த 50-ஐக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. இவ்வளவு சின்ன எண்களில் 86-க்கும் 64-க்கும் இடையிலான வித்தியாசம் தற்செயலாகவே இருபத்துநாலு வரை ஆடும். வித்தியாசமே 22 தான். உண்மை சுழிக்குப் பக்கத்திலும் இருக்கலாம், மெட்டா சொன்ன 96-க்குப் பக்கத்திலும் இருக்கலாம், அதிக வாய்ப்பு நடுவில். நான்கே வாரத்தில் நிறுத்தியிருந்தால் எதுவும் சொல்லியிருக்க முடியாது. கசிவும் உண்டு: பெங்களூரில் இருக்கும் மகள் விளம்பரத்தைப் பார்த்து சேலத்து அம்மாவுக்கு ஆர்டர் போட்டால், அணைத்த இடத்திலும் ஒரு எண் கூடும்.

இவ்வளவுக்கும் பிறகு என் வழக்கம் இது. எந்த வழிக்கு எவ்வளவு பணம் என்று பிரிக்கும்போது கேள்வியின் பக்கம் சாய்கிறேன், ஏனென்றால் தளங்கள் பார்க்கவே முடியாத யூடியூபும் நாத்தனார் வீடும் அதில்தான் தெரிகிறது. மெட்டாவுக்குள்ளேயே எந்த விளம்பரம், மாவு அரைக்கும் வீடியோவா விலைப் படமா என்று தேர்ந்தெடுக்க மெட்டாவின் எண் போதும். அங்கே கேள்வியால் ஒன்றும் ஆகாது, எந்தப் படத்தைப் பார்த்தோம் என்று யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. மெட்டாவில் 90,000-ஐ 50,000 ஆக்கினோம். குறைத்தது கார்ட்டில் போட்டவர்களைத் துரத்தும் விளம்பரத்தில்தான். மீதம் 40,000 அடுத்த வீடியோவுக்குப் போனது.

போன வாரம் போன் நோட்டில் ஒரு வரி: "அக்கா பொண்ணு அவ போன்ல காட்டுனா, நான் உங்க நம்பருக்கு அடிச்சேன்." அக்கா மகள் இன்ஸ்டாவில் பார்த்ததா, யூடியூபா என்று கேட்கச் சொன்னேன். "அது தெரிலீங், அவ காலேஜுக்குப் போயிருக்கறா" என்று பதில் வந்தது. இதைச் சொந்தபந்தத்தில் எழுதிவிட்டு, பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன். அந்தக் கேள்விக்குறிகள் இந்த மாதம் ஒன்பது.