"எக்ஸ்ரே நார்மல்" என்று அனுப்பிவிட்டார்கள்: சுங்கை சிப்புட் பக்கம் இருப்பவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

கிளினிக்கின் பெயரைப் போடவில்லை. யாரையும் ஊரில் நாறடிக்க எனக்கு ஆசையில்லை. ஆனால் கீழே விழுந்து கையை ஊன்றியவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள், அவர்களுக்கு இது தெரிய வேண்டும்.

என் தம்பிக்கு 24 வயது. செம்பனை ஆலையில் ஒர்க்‌ஷாப் வேலை. ஒரு சனிக்கிழமை மழை விட்ட நேரம், ஷிப்ட் முடிந்து மோட்டாரில் திரும்பும்போது லாரியிலிருந்து சிந்தின உதிரிப் பழத்தில் டயர் வழுக்கிவிட்டது. விழும்போது வலது உள்ளங்கையை விரித்து ஊன்றிவிட்டான். சிராய்ப்பு கூட பெரிதாக இல்லை. கை வளையவில்லை, லேசான வீக்கம்தான். "ஒண்ணும் இல்லக்கா, சுளுக்கிருச்சு" என்றான். நான்தான் விடாமல் கிளினிக்குக்கு இழுத்துப் போனேன்.

டாக்டர் இரண்டு எக்ஸ்ரே எடுத்தார், ஒன்று நேராக, ஒன்று பக்கவாட்டில். படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டிப் பார்த்துவிட்டு, "எலும்பு ஓகே தம்பி, முறிவு இல்ல" என்றார். கிரேப் பேண்டேஜ், வலி மாத்திரை, 3 நாள் எம்.சி. மறுபடி எப்போது வர வேண்டும் என்று சொல்லவில்லை. நாங்களும் நிம்மதியாக வந்துவிட்டோம்.

12ஆம் நாள் மறுபடி போனோம். ஸ்பேனர் திருப்பினால் கட்டைவிரல் அடியில் சுருக்கென்று குத்துகிறது, தண்ணீர் வாளி தூக்க முடியவில்லை. டாக்டர் கையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பழைய படத்தையே எடுத்துக் காட்டி, "அன்னைக்கே சொன்னேன்ல, நார்மல்னு. சுளுக்கு ஆறு வாரம் இழுக்கும்" என்றார். அதோடு கவுண்டரில் 4 தடவை சூட்டு சிகிச்சைக்கு ஒரு பேக்கேஜ், ஒரு டப்பா கால்சியம், மொத்தம் 380 வெள்ளி. கட்டிவிட்டு வந்தோம். எங்கள் பங்குக்கு நாங்களும் சும்மா இருக்கவில்லை. பக்கத்துத் தாமானில் உருவி விடுகிற பாட்டியிடம் மூன்று வெள்ளிக்கிழமை கூட்டிப் போய் எண்ணெய் போட்டு நீவிவிட்டோம். அதை இங்கே ஒப்புக்கொண்டுதான் மற்றவர்களைக் குறை சொல்ல வேண்டும்.

ஏழாவது வாரத்தில் வலி குறைந்தது. அதுதான் எங்களை முழுசாக ஏமாற்றியது. சாதாரணமாக எழுதுகிறான், சாப்பிடுகிறான், மோட்டார் ஓட்டுகிறான். நாலாவது மாதம் லாரி டயருக்கு ஜாக் ஏற்றும்போது கை அப்படியே விட்டுப்போய்விட்டது. அப்போதுதான் ஈப்போவில் எலும்பு நிபுணரிடம் போனோம்.

அவர் கேட்ட முதல் கேள்வி, "விழுந்த அன்னைக்கு இந்தக் குழியை யாராவது அமுக்கிப் பார்த்தாங்களா?" கட்டைவிரலை விரித்து மேல்நோக்கித் தூக்கினால், மணிக்கட்டோரம் இரண்டு நரம்புக் கயிறு போல எழும்பும், நடுவே ஒரு சின்னப் பள்ளம் விழும். அந்தக் காலத்துத் தாத்தாக்கள் மூக்குப்பொடியைக் கொட்டி உறிஞ்சுவது அந்தப் பள்ளத்தில்தான். டாக்டர்களும் அதை மூக்குப்பொடிக் குழி என்ற பொருளில்தான் சொல்கிறார்களாம். அதன் அடியில் படுத்திருப்பது ஸ்கேஃபாய்டு என்கிற படகு வடிவ எலும்பு, முந்திரிப் பருப்பு அளவு. விழுந்து கையூன்றியவருக்கு அந்தக் குழியை அமுக்கினால் வலிக்கிறதா, உள்ளங்கைப் பக்கம் கட்டைவிரல் அடிமேட்டில் தட்டுப்படும் எலும்பு முடிச்சை அமுக்கினால் வலிக்கிறதா, கட்டைவிரலைப் பிடித்து மணிக்கட்டை நோக்கித் தள்ளினால் வலிக்கிறதா என்று மூன்றையும் பார்க்க வேண்டும். அரை நிமிட வேலை. எங்கள் கிளினிக்கில் இரண்டு முறையும் அது நடக்கவில்லை.

பழைய எக்ஸ்ரேயை நான் கையோடு கொண்டுபோயிருந்தேன். "இதுல கோடு இருந்துச்சா டாக்டர், அவங்க பார்க்கத் தவறிட்டாங்களா?" என்று கேட்டேன். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இல்லம்மா, இப்ப தெரிஞ்சுகிட்டுப் பார்த்தாலும் எனக்கே தெரியல" என்றார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது, சக டாக்டரை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறார் என்று. பிறகுதான் விளக்கினார். இந்த எலும்பு மணிக்கட்டில் சாய்வாகப் படுத்திருக்கிறது. நேராக எடுத்தால் குறுகித் தெரியும், பக்கவாட்டில் எடுத்தால் மற்ற எலும்புகளின் நிழலில் மறைந்துவிடும். கையைச் சுண்டுவிரல் பக்கம் வளைத்து எடுக்கும் படத்தில்தான் நீளமாக விரிந்து தெரியும். அந்தப் படம் எங்களுக்கு எடுக்கவே இல்லை. எடுத்திருந்தாலும், விலகாத மயிரிழை விரிசல் முதல் நாளில் மறைந்திருக்க வாய்ப்புண்டு. 10 முதல் 14 நாள் போனால் விரிசல் ஓரத்து எலும்பு கொஞ்சம் கரையும், கோடு அகலமாகும், அப்போது தெரியலாம். அதனால்தான் அந்தக் குழி வலித்தால், படம் நார்மலாக இருந்தாலும் முறிவு இருப்பதாகவே எடுத்துக்கொண்டு கட்டைவிரலோடு சேர்த்து அசையாமல் கட்டி, இரண்டு வாரத்துக்குள் திரும்ப வரச் சொல்ல வேண்டுமாம்.

ஆகவே கோடு தெரியாதது கிளினிக்கின் குற்றமில்லை. "தெரியல" என்று சொல்ல வேண்டிய இடத்தில் "இல்ல" என்று சொன்னதுதான் குற்றம். அதைவிடப் பெரிய குற்றம் 12ஆம் நாள் நடந்தது. சரியாகக் கோடு தெரியக்கூடிய நாளில் நாங்களே வாசலில் போய் நின்றோம். புதுப் படம் எடுக்காமல் பழைய படத்தைக் காட்டி 380 வெள்ளி வாங்கினார்கள்.

ஒரு சின்ன எலும்பில் விரிசல், அதற்கு ஏன் இவ்வளவு என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். காரணம் ரத்தம் போகும் வழி. நாம் நாடி பிடித்துப் பார்க்கிற ரத்தக்குழாயின் ஒரு கிளை இந்த எலும்புக்குள் புறங்கைப் பக்கமாக நுழைகிறது. நுழைகிற இடம் இந்த எலும்பின் நடுவே ஒடுங்கியிருக்கும் இடுப்புப் பகுதியும் அதற்கு அப்பால் விரல் பக்கமும். அங்கிருந்து பின்னோக்கி, முன்கையை ஒட்டியிருக்கும் முனைக்கு ஓடுகிறது. எலும்பின் 70 முதல் 80 சதவீதம் வரை இந்த வழியை நம்பித்தான் இருக்கிறது. தோட்டத்து லயத்தில் ரோட்டுப் பக்கத்து வீட்டுக் குழாய் வழியாகத்தானே கோடி வீட்டுக்குத் தண்ணீர் போகும்? நடுவில் குழாய் உடைந்தால் கோடி வீடு காய்ந்துவிடும். இடுப்பில் முறிந்தால் முன்கைப் பக்கத் துண்டுக்கு ரத்தம் குறையும். முறிவு அந்த முனைக்கு எவ்வளவு கிட்டப் போகிறதோ, அவ்வளவு மெதுவாக ஒட்டும், சில சமயம் அந்தத் துண்டு செத்தே போகும்.

இன்னொன்று. தொடை எலும்பு முறிந்தால் வெளியே புது எலும்பு பூசிக்கொண்டு ஒட்டும். இதன் மேற்பரப்பு பெரும்பாலும் வழவழப்பான குருத்தெலும்பு, அப்படிப் பூசிக்கொள்ளாது. உள்ளே விரிசலின் இரு முகமும் அசையாமல் தொட்டுக்கொண்டிருந்தால்தான் கூடும். இந்த எலும்பின் இடுப்பில் விழும் விலகாத முறிவை உடனே பிடித்துக் கட்டினால் பத்தில் ஒன்பது கூடிவிடும் என்றார். 4 வாரம் கட்டாமல் விட்டால் கூடாமல் போகும் ஆபத்து ஏறிவிடும். நாங்கள் 12ஆம் நாளில் அந்தக் கணக்குக்கு உள்ளேதான் இருந்தோம். இதை நினைத்தால்தான் இப்போதும் வயிறு எரிகிறது. அதற்குமேல் சூடு வைத்து, நீவிவிட்டு, ஒட்ட வேண்டியதை நாமே அசைத்துக்கொண்டிருந்தோம்.

ஈப்போவில் எடுத்த புது எக்ஸ்ரேயில் எனக்கே தெரிந்தது. எலும்பின் நடுவே கறுப்புக் கோடு, இரு ஓரமும் சுண்ணாம்பு அடித்தாற்போல் வெளுத்து. சி.டி. ஸ்கேனில் துண்டுகள் கூன் விழுந்தாற்போல் மடங்கியிருந்தன. முன்கைப் பக்கத் துண்டு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க எம்.ஆர்.ஐ., அதற்கு 850 வெள்ளி. நல்லவேளை, ரத்தம் இன்னும் இருந்தது. தம்பியின் உடம்பில் இடுப்புக்கூட்டு எலும்பிலிருந்து ஒரு துண்டு வெட்டி, பள்ளத்தில் வைத்துக் கூனை நிமிர்த்தி, தலையில்லாத ஒரு சின்ன ஸ்குரூவை உள்ளே முறுக்கினார்கள். 8 வாரம் மாவுக்கட்டு. 12ஆம் வாரம் சி.டி. எடுத்து, எலும்பு பாலம் போட்டுவிட்டதைப் பார்த்த பிறகுதான் லேசான வேலைக்கு அனுப்பினார்கள். அப்படியே விட்டிருந்தால் சில ஆண்டுகளில் மணிக்கட்டு மூட்டே தேய்ந்திருக்குமாம்.

வேலையிலிருந்து திரும்பும் வழியில் விழுந்ததால் சொக்சோவில் கோரினோம். முதல் சீட்டில் "சுளுக்கு" என்று எழுதியிருந்ததால் அதை விளக்க நிபுணரிடம் கடிதம் வாங்கி அலைந்தது தனிக் கதை. எந்தக் கிளினிக் போனாலும் சீட்டையும் எக்ஸ்ரே படத்தையும் கேட்டு வாங்கி வையுங்கள்.

பழைய கிளினிக்குக்கும் போய்க் கேட்டேன். "படத்துல தெரியலன்னா நான் என்ன செய்றது?" என்றார். "சரி டாக்டர், கட்டுப் போட்டு, பத்து நாள் கழிச்சு வான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்றேன். பதில் இல்லை. சூட்டு சிகிச்சைக் காசைத் திருப்பித் தருவதாகச் சொன்ன கவுண்டர் பிள்ளை இன்றுவரை போன் எடுக்கவில்லை.

தம்பியின் கை இப்போது முன்போல் பின்னால் மடங்காது. தரையில் உள்ளங்கை ஊன்றி எழ மாட்டான், முஷ்டியை ஊன்றித்தான் எழுவான்.

போன மாதம் என் சித்தி மகன் ஃபுட்சாலில் இதே மாதிரி விழுந்தான். குழியை அமுக்கினேன், "ஆ" என்றான். வேறு கிளினிக்கில் எக்ஸ்ரே நார்மல். ஆனால் அந்த டாக்டரம்மா தானாகவே கட்டைவிரலோடு சேர்த்துக் கட்டி, 10ஆம் நாளுக்குத் தேதி எழுதிக் கொடுத்தார். "குழி வலிச்சா எல்லாருக்கும் முறிவுன்னு இல்ல, பாதிக்கு மேல ஒண்ணும் இருக்காது, ஆனா தெரியாம அவிழ்க்கக் கூடாது" என்றார். 10ஆம் நாள் படமும் நார்மல், வலி மட்டும் போகவில்லை. எம்.ஆர்.ஐ.க்கு எழுதிக் கொடுத்தார். முறிவே இல்லை, கட்டை அவிழ்த்துவிட்டார்கள். 850 வெள்ளி வீண் என்று சித்தப்பா இரண்டு நாள் முணுமுணுத்தார். தம்பி தன் கையை அவர் முன்னால் மடக்கிக் காட்டினான், எவ்வளவு மடங்குகிறதோ அவ்வளவு.