ரீடார்கெட் ஆட்-ஆன்: பெயர்ப் பொருத்தம் அருமை, கால் சறுக்கல் இன்னும் தீரவில்லை

குன்னூரில் அனிமேஷன் செய்யும் தம்பி ஒருவன் போன வாரம் கேட்டான்: "அண்ணா, நீங்க வச்சிருக்கிற அந்த ரீடார்கெட் ஆட்-ஆன் இப்போ பாதி விலைக்கு வந்திருக்கு. வாங்கட்டுமா?" ஓர் ஆளுக்குச் செய்த அசைவை வேறு அளவுள்ள பாத்திரத்தின் உடம்புக்கு மாற்றித் தரும் பிளெண்டர் கருவி அது. ஒரு வரியில் சொல்ல முடியாத பதில் என்பதால் எழுதுகிறேன். ஆட்-ஆனின் பெயரைச் சொல்லவில்லை. நான் சொல்லும் குறையை எந்தக் கருவியிலும் நீங்களே சோதித்துப் பார்த்துக்கொள்ளலாம், அதற்கான வழியும் கீழே இருக்கிறது.

என் வேலை இதுதான். கோத்தகிரியில் ஒரு சின்ன அறையில், பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில், குழந்தைகளுக்கான குறும்படங்கள் செய்கிறோம். முக்கியப் பாத்திரம் தேயிலைத் தோட்டத்துப் பாட்டி. குட்டைக் கால், பெரிய தலை, முழங்கால் வரை கம்பூட், முதுகில் கூடை. மோஷன் கேப்சர் சூட் போட்டு நடித்துப் பதிவு செய்ய எங்களுக்கு வசதி இல்லை. அதனால் நடை, ஓட்டம், உட்கார்வது எல்லாம் மிக்ஸமோ என்ற இணைய அசைவுத் தொகுப்பிலிருந்து வருகின்றன. அந்த அசைவுகள் சராசரி உயரமுள்ள ஆளுக்குச் செய்தவை. அதைப் பாட்டியின் உடம்புக்கு மாற்றுவதுதான் இந்த ஆட்-ஆனின் வேலை.

முதலில் மனசார ஒரு பாராட்டு. எலும்புப் பெயர்களைப் பொருத்தும் பகுதியை இவ்வளவு நன்றாகச் செய்த கருவியை நான் வேறு பார்க்கவில்லை. மிக்ஸமோவில் `mixamorig:LeftLeg` என்பது முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு, தொடை `LeftUpLeg`. அதேபோல் `LeftShoulder` என்பது காறை எலும்பு, மேல் கைக்குப் பெயர் `LeftArm`. என் ரிக்கில், அதாவது பாத்திரத்தை அசைக்கும் எலும்புக்கூட்டில், இவை `shin.L`, `thigh.L`, `shoulder.L`, `upper_arm.L`. பெயர் ஒற்றுமையை மட்டும் வைத்து ஊகிக்கும் கருவி `LeftLeg`-ஐத் தொடையோடு இணைத்துவிடும். அப்படி நடந்தால் கண்டுபிடிப்பது எளிது: பாத்திரம் நடக்கும்போது முழங்கால் மடங்காது, தொடை பின்பக்கமாக வெட்டி வெட்டி இழுக்கும். இந்த ஆட்-ஆன் பெயரோடு எலும்பின் வரிசையையும் பார்க்கிறது. இடுப்பிலிருந்து இறங்கும்போது முதலில் வருவது தொடை, அடுத்தது கீழ்க்கால். அதனால் முதல் ஊகமே பெரும்பாலும் சரியாக இருக்கிறது. மிக்ஸமோவில் இறக்கும் கோப்புகளில் முன்னொட்டு சில நேரம் `mixamorig1:` என்றும் `mixamorig5:` என்றும் மாறி வரும். அதைத் தள்ளிவிட்டுப் பொருத்தச் சொல்லி ஒருமுறை சேமித்து வைத்தேன், இன்றுவரை தொட வேண்டியிருக்கவில்லை.

முதுகெலும்பிலும் குறை சொல்ல ஒன்றும் இல்லை. மிக்ஸமோவில் `Spine`, `Spine1`, `Spine2` என்று மூன்று, பாட்டிக்கு இரண்டுதான். ஒவ்வொரு எலும்பும் தன் தாய் எலும்பிலிருந்து எவ்வளவு திரும்பியது என்று மட்டும் எடுத்து ஒட்டினால், நடுவில் விட்டுப்போன எலும்பின் திருப்பம் தொலைந்து பாட்டி விறைப்பாக நிற்பார். இந்த ஆட்-ஆன் முழு உடம்பை வைத்து, ரெஸ்ட் போஸ் என்ற அசைவில்லாத தொடக்க நிலையிலிருந்து ஒவ்வொரு எலும்பும் மொத்தமாக எவ்வளவு திரும்பியது என்று எடுக்கிறது. `Spine2`-இன் மொத்தத் திருப்பத்தில் கீழே உள்ள இரண்டின் திருப்பமும் அடங்கியிருப்பதால் குனிவு அப்படியே வந்துவிடுகிறது.

இந்த முறைக்கு ஒரே ஒரு நிபந்தனை: இரண்டு ரிக்கும் ஒரே நிலையிலிருந்து தொடங்க வேண்டும். மிக்ஸமோ ஆள் நிற்பது கைகள் பக்கவாட்டில் நேராக நீண்ட டி-போஸ்; பாட்டியின் கைகள் 45 டிகிரி தாழ்ந்த ஏ-போஸ். டி-போஸிலிருந்து 80 டிகிரி இறங்கிய கையை அப்படியே கூட்டினால் 125 டிகிரி ஆகி, கை உடம்புக்குள் போய்விடும். இதற்கென்று ஒப்பீட்டு நிலையைத் தனியாகச் சேமிக்கும் இடம் இருக்கிறது. பாட்டியின் கைகளை டி-போஸுக்குத் தூக்கி ஒருமுறை சேமித்தால் போதும்.

இப்போது என்னை விடாமல் எரிச்சல்படுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். கால் சறுக்குகிறது.

எலும்புகளின் திருப்பத்துக்கு அளவு மாற்றம் தேவையில்லை. இடுப்பின் இடப்பெயர்ச்சிக்குத் தேவை, ஏனென்றால் குட்டைக் கால் அதே கோணத்தில் வீசினாலும் குறைந்த தூரம்தான் போகும். இந்த ஆட்-ஆன் அந்த விகிதத்தைத் தானே கணக்கிடுகிறது. எப்படியென்றால், இரண்டு ரிக்கிலும் தரையிலிருந்து இடுப்பு வரை உள்ள உயரத்தை வைத்து. கேட்க நியாயமாக இருக்கிறது. பாட்டியை வைத்துப் போட்டுப் பார்ப்போம். மிக்ஸமோவின் மூல ஆளுக்கு இடுப்பு உயரம் 100 செ.மீ. என்று வையுங்கள்: அதில் கால் 90, கணுக்காலுக்குக் கீழே 10. பாட்டியின் இடுப்பு உயரம் 62: கால் 48, தடித்த கம்பூட்டால் கணுக்காலுக்குக் கீழே 14. உயர விகிதம் 0.62. ஆனால் வீசுவது கால்தானே, கம்பூட் இல்லையே. கால் விகிதம் 48-ஐ 90-ஆல் வகுத்தால் 0.533.

மூல ஆள் ஒரு பாதத்தை ஊன்றியிருக்கும்போது இடுப்பு 60 செ.மீ. முன்னே நகர்கிறது. பாட்டியின் கால் அந்தக் கோணத்துக்குக் கொடுக்கக்கூடியது 32 செ.மீ. ஆட்-ஆன் இடுப்பை நகர்த்துவதோ 37.2 செ.மீ. மிச்சமுள்ள 5 செ.மீ. ஊன்றிய பாதத்தின் தலையில் விழுகிறது, பாதம் முன்னே வழுக்குகிறது. பத்து அடி வைத்தால் அரை மீட்டர். சமதளத்தில் யாராவது கவனிக்காமல் விடலாம். தேயிலைச் சரிவில் மண்ணில் வெட்டிய படிகளில் பாட்டி இறங்கும்போது படியின் விளிம்பைப் பாதம் தாண்டிப் போவது பளிச்சென்று தெரிகிறது. உட்காரும் அசைவிலும் இதே கதை. மூல ஆளின் இடுப்பு 20 செ.மீ. இறங்கினால் பாட்டிக்கு 10.7 இறங்க வேண்டும், 12.4 இறங்குகிறது, கம்பூட் தரைக்குள் புதைகிறது.

சரி, விகிதத்தைக் கையால் மாற்ற முடியாதா என்றால், முடியும். பெட்டி இருக்கிறது. 0.533 என்று அடித்தால் சறுக்கல் பெருமளவு நின்றுவிடும். அடுத்த கிளிப்பை ஏற்றியதும் பெட்டி 0.62-க்குத் திரும்பிவிடும். எலும்புப் பெயர்களைச் சேமிக்கிறது, ஒப்பீட்டு நிலையைச் சேமிக்கிறது, இந்த ஓர் எண்ணைச் சேமிப்பதில்லை. ஒரே நேரத்தில் பல கிளிப்புகளை ஓடவிடும் வசதிக்காகத்தான் நான் காசு கொடுத்தேன். அதில் அந்தப் பெட்டியே கிடையாது, எல்லாம் 0.62-இல் ஓடி முடிகிறது. எழுதிக் கேட்டேன். பட்டியலில் சேர்த்திருப்பதாகப் பதில் வந்தது. அதன்பின் பல பதிப்புகள் வந்தும் பெட்டி அப்படியேதான் இருக்கிறது. பெயர்ப் பொருத்தத்தில் இவ்வளவு யோசித்தவர்கள் இதை விட்டது எனக்கு உண்மையிலேயே கோபம் தருகிறது.

இப்போது நான் செய்வது: மொத்தமாக ஓடவிட்டு, அப்புறம் இடுப்பின் இடப்பெயர்ச்சியை மட்டும் சுருக்குகிறேன். பிளெண்டரில் போஸ் எலும்பின் `location` என்பது ரெஸ்ட் நிலையிலிருந்து எவ்வளவு விலகியது என்ற அளவு என்பதால் நேராகப் பெருக்கினால் போதும். பிளெண்டர் 4 வரிசையில் இது ஓடும். `action` என்பது ரீடார்கெட் ஆன ஆக்‌ஷன், `hips` உங்கள் இடுப்பு எலும்பின் பெயர்:

```python
k = 0.533 / 0.62
path = 'pose.bones["hips"].location'
for fc in action.fcurves:
    if fc.data_path == path:
        for kp in fc.keyframe_points:
            kp.co.y *= k
            kp.handle_left.y *= k
            kp.handle_right.y *= k
        fc.update()
```

இதற்குப் பிறகும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். மூல ஆளின் தொடையும் கீழ்க்காலும் 45, 45. பாட்டிக்கு 22, 26. முழங்கால் மடங்கும்போது இந்த வித்தியாசம் பாதத்தைச் சற்றே தள்ளும். அந்த மிச்சத்தை, பாதம் நிற்க வேண்டிய இலக்கைக் கொடுத்தால் முழங்காலைத் தானே மடக்கும் ஐகே வைத்துப் பாதத்தை ஊன்றிச் சரிசெய்யலாம். ஆனால் கால் கிட்டத்தட்ட நேராக இருக்கும் ஃபிரேம்களில் ஐகே இலக்கு மில்லிமீட்டர் தள்ளிப் போனாலும் முழங்கால் வெடுக்கென்று நிமிரும். இடுப்பை முழு நடைக்கும் ஒரு செ.மீ. தாழ்த்தினால் அது அடங்கிவிடுகிறது.

கைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் இதை ஆட்-ஆன் மீது குற்றமாகச் சொல்வது நியாயமில்லை. அக்கா பாத்திரத்துக்குக் கையாலேயே செய்த கொழுந்து பறிக்கும் அசைவைப் பாட்டிக்கு மாற்றினோம். தோள், முழங்கை எல்லாம் அழகாக வந்தன, விரல்கள் மட்டும் செடிக்குள் புதைந்தன. ஆள் குட்டையானால் தேயிலைச் செடி குட்டையாகாது. உடம்போடு சேர்ந்து அளவு மாற வேண்டியது நடை. உலகத்தில் ஒரு பொருளைத் தொடும் கைக்கு அந்தப் பொருளின் இடம்தான் முக்கியம். அதனால் பறிக்கும் ஃபிரேம்களில் மட்டும் கை ஐகேவைச் செடியின் மேல்மட்டத்தில் வைத்துவிட்டு, கூடைக்குப் போடும் ஃபிரேம்களில் பாட்டியின் முதுகெலும்போடு கட்டிவிடுகிறேன். உடம்பை மட்டும் பார்க்கும் கருவியால் இதைத் தானாக ஊகிக்க முடியாது.

ஆக தம்பிக்கு என் பதில்: வாங்காதே, பாதி விலைக்கும் வேண்டாம். மேலே இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்வது முரணாகத் தெரியும். நான் இதை விடப்போவதும் இல்லை, என் பெயர்ப் பட்டியல் எல்லாம் அதில்தான் இருக்கிறது. ஆனால் உன் பாத்திரங்களும் குட்டைக் கால்காரர்கள், நேற்றும் நான் அந்த ஸ்கிரிப்டை ஓட்டிக்கொண்டிருந்தேன், இந்த மனநிலையில் என்னால் சிபாரிசு செய்ய முடியவில்லை.

ஓரிரண்டு கிளிப்தான் தேவையென்றால் காசில்லாமலே செய்யலாம். இரண்டு ரிக்கையும் ஒரே ஸ்கேலில், ஒரே நிலையில் நிறுத்து. மூல ரிக்குக்குள் பாட்டியின் ஒவ்வோர் எலும்புக்கும் அதே திசையும், தன் நீளத்தைச் சுற்றிய திருப்பமான அதே ரோலும் உள்ள துணை எலும்பைப் போட்டு, மூல எலும்புக்குப் பிள்ளையாக்கு. பாட்டியின் எலும்பு அந்தத் துணை எலும்பிலிருந்து Copy Rotation எடுக்கட்டும். பிறகு Visual Keying போட்டு Bake Action செய்தால் அசைவு பாட்டியின் எலும்புகளிலேயே பதிந்துவிடும். ரோல் வித்தியாசத்தால் வரும் முறுக்கல் எதுவும் வராது. இடுப்பின் இடப்பெயர்ச்சியைத் தனியாக எடுத்து, அதன் விகிதத்தை நீயே கொடுக்கலாம்.

மனசு கேட்காமல் வாங்கத்தான் போகிறாய் என்றால், காசு திரும்பக் கிடைக்கும் கெடுவுக்குள் இதைச் செய்: ஒரு நடையை ஏற்றி, எலும்பு போகும் பாதையைப் புள்ளிகளாகக் காட்டும் Motion Paths-ஐக் கால்விரல் எலும்புக்குக் கணக்கிட்டுப் பக்கவாட்டிலிருந்து பார். ஊன்றிய ஃபிரேம்களின் புள்ளிகள் ஒரே இடத்தில் குவிந்தால் நல்லது. நடக்கும் திசையில் நீண்டால் விகிதம் அதிகம், எதிர்த்திசையில் நீண்டால் குறைவு. எண்ணைத் திருத்திவிட்டு இரண்டாவது கிளிப்பை ஏற்றி, பெட்டியில் நீ அடித்த எண் இருக்கிறதா என்று பார்.