மூன்று வாரத்துக்கு ஒரு ஊசியா, வாரம் ஒரு நாள் மாத்திரையா: திரும்பி வந்த வாய்ப்புற்றில் எது?

கடலூர் பக்கம் புகையிலை போடுகிறவர்கள் அதிகம். வாய்ப்புற்றும் அதற்கேற்ப வருகிறது. அறுவைச் சிகிச்சையும் கதிர்வீச்சும் முடிந்து சில மாதத்தில் கழுத்தில் மறுபடி கட்டி தலைகாட்டினால், பெரும்பாலும் முழுதாகக் குணமாக்கும் கட்டம் தாண்டிவிட்டது என்று அர்த்தம். வலியைக் குறைத்து, சாப்பிட வைத்து, நாட்களை நீட்டுவதே அப்போது நோக்கம். அந்த இடத்தில் இரண்டு வழிகள் எதிரெதிரே நிற்கின்றன. ஒன்று, மூன்று வாரத்துக்கு ஒரு முறை நரம்பில் ஏற்றும் சிஸ்பிளாட்டின். இன்னொன்று, சிறு அளவில் விடாமல் தரும் மெட்ரோனாமிக் கீமோ: வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை, தினமும் இரண்டு வேளை செலிகாக்ஸிப் 200 மில்லிகிராம். மருந்துக் கடையில் இந்தச் சீட்டுகளைப் பார்த்துப் பழகியவன் என்ற முறையில் எழுதுகிறேன். மருந்தை முடிவு செய்வது புற்றுநோய் மருத்துவர்தான்.

இந்த இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தது மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை. 422 நோயாளிகள், முடிவு 2020-இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்தது. மாத்திரை எடுத்தவர்களின் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் தாண்டிய காலம், 7.5 மாதம்; ஊசி போட்டவர்களுக்கு 6.1 மாதம். கடுமையான பக்கவிளைவுகள் மாத்திரையில் 19 சதவீதம், ஊசியில் 30 சதவீதம். மாத்திரை ஊசியைவிட மோசமில்லை என்று காட்டினாலே போதும் என்றுதான் ஆரம்பித்தார்கள். அது ஒரு படி மேலேயே வந்தது. ஆனால் இதை அளவோடு படிக்க வேண்டும். எதிரே நின்றது சிஸ்பிளாட்டின் மட்டும். பல மருந்துகளைச் சேர்த்துத் தரும் வலுவான முறைகளை மாத்திரை வென்றதாக இதிலிருந்து சொல்ல முடியாது. ஏழு மாதம் என்பதும் ஏழு மாதம்தான்.

சிறு அளவு எப்படி வேலை செய்கிறது? பெரிய அளவு ஊசி, பெருகும் செல்களை ஒரேயடியாகத் தாக்கும். பிறகு எலும்பு மஜ்ஜை தேற மூன்று வாரம் விடவேண்டும். அந்த இடைவெளியில் கட்டியும் தேறிக்கொள்ளும். சிறு அளவை விடாமல் தரும்போது, கட்டிக்குப் புதிதாக முளைக்கும் ரத்தக்குழாய்களின் செல்களே முக்கியமான இலக்கு. செலிகாக்ஸிப் வலி மாத்திரைதான், ஆனால் அந்தக் குழாய் வளர்ச்சியைத் தடுப்பதிலும் பங்கெடுக்கிறது. இது மெதுவான வேலை. மூச்சுக்குழலை அழுத்தும் கட்டியை இரண்டு வாரத்தில் சுருக்கியாக வேண்டும் என்ற நிலையில் இதை நம்பி உட்கார முடியாது.

செலவுக்கு வருவோம். சிஸ்பிளாட்டின் ஒன்றும் விலை உயர்ந்த மருந்தில்லை. செலவு அதைச் சுற்றித்தான்: லிட்டர் கணக்கில் சலைன், மக்னீசியம், வாந்தி தடுக்கும் மருந்துகள், பகல் முழுக்க ஒரு படுக்கை, கூட வருபவரின் ஒரு நாள் கூலி. பரங்கிப்பேட்டையிலிருந்து கோரிமேட்டில் உள்ள ஜிப்மருக்கு வருகிறவருக்கு அது விடிகாலையில் கிளம்பி இரவில் திரும்பும் நாள். வாந்தி இரண்டாம் மூன்றாம் நாளிலும் பலமாக வரலாம், அதுவும் வீட்டில். மாத்திரையில் இந்தச் சுமை பெருமளவு போய்விடுகிறது. ஆனால் ரத்தப் பரிசோதனை போகாது, அதை விடவும் கூடாது.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். கற்பனை நபர்தான்: 58 வயது, வலை பின்னும் தொழில், உயரம் 155 சென்டிமீட்டர், எடை 45 கிலோ. உடல் பரப்பு ஏறத்தாழ 1.4 சதுர மீட்டர். சிஸ்பிளாட்டின் என்றால் சதுர மீட்டருக்கு 75, அதாவது 105 மில்லிகிராம். மெத்தோட்ரெக்ஸேட் என்றால் சதுர மீட்டருக்கு 15, அதாவது 21; வாரத்துக்கு 20 என்று வைத்துக்கொள்ளலாம். அவருடைய கிரியாட்டினின் 1.2. ரிப்போர்ட்டில் நார்மல் என்று போட்டிருக்கும். வயதையும் எடையையும் சேர்த்துக் கணக்கிட்டால் சிறுநீரகம் நிமிடத்துக்குச் சுமார் 43 மில்லிதான் வடிகட்டுகிறது. 50-க்குக் கீழே சிஸ்பிளாட்டின் தரப் பல மருத்துவர்கள் தயங்குவார்கள். "அப்படியானால் மாத்திரைதான்" என்று உடனே தாவிவிடக் கூடாது. மெத்தோட்ரெக்ஸேட்டும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. செலிகாக்ஸிப்பும் சிறுநீரகத்தைச் சிரமப்படுத்தும். சிறுநீரகம் கெட்டவருக்கு மாத்திரை புகலிடம் இல்லை. இவரைப் போன்றவர்களுக்கு வாய் திறக்காததால் தண்ணீர் உள்ளே போவதே குறைவு. மூக்குக் குழாய் போட்டு ஒரு வாரம் நீரும் கஞ்சியும் சரியாகப் போனபின் கிரியாட்டினின் 0.9-க்கு இறங்கினால், வடிகட்டும் அளவு 57-க்கு வந்துவிடும். அப்போது இரண்டு வழியும் திறக்கிறது. இந்த உடம்புக்கு, இந்தத் தூரத்துக்கு, நான் மாத்திரை பக்கம்தான் சாய்வேன்.

ஊசியில் நர்ஸ் செய்யும் காவலை மாத்திரையில் வீடு செய்ய வேண்டும். இங்கேதான் விபத்து நடக்கிறது. சீட்டில் வாரம் ஒரு முறை என்றிருந்தும் தினமும் போட்டுவிடுகிறார்கள்; மற்ற எல்லா மாத்திரையும் தினமும்தானே. ஒரு பெண் கேட்டார்: "அண்ணா, இவ்ளோ சின்ன மாத்திரை, தினம் போட்டா சீக்கிரம் குணமாகாதா?" 20 மில்லிகிராமை ஏழு நாளும் போட்டால் 140. மஜ்ஜை படுத்துவிடும், உயிரே போகலாம். இன்னொரு பொறி மாத்திரையின் அளவு. 2.5 மில்லிகிராம் மாத்திரை எட்டு சாப்பிட்டுப் பழகியவருக்கு அடுத்த முறை 10 மில்லிகிராம் பட்டை கிடைத்தால், அதிலும் எட்டு போட்டு 80 ஆக்கிவிடுவார். ஆகவே சீட்டில் கிழமையின் பெயரும் எத்தனை மாத்திரை என்பதும் முழுதாக எழுதப்பட வேண்டும். எந்தக் கிழமை என்பது அவர்கள் இஷ்டம். செவ்வாய் ஆகாது என்கிற வீட்டில் வாதாட வேண்டாம், புதன் போதும்.

அளவு மிஞ்சியதை வாய்ப்புற்று நோயாளியிடம் கண்டுபிடிப்பது கடினம், ஏனென்றால் வாய் ஏற்கெனவே புண்தான். பழைய புண் கட்டி இருக்கும் பக்கத்தில் இருக்கும். உதட்டிலும் எதிர்க் கன்னத்திலும் புதிதாகச் சிவந்து எரிந்தால், கூடவே வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ வந்தால், அடுத்த வேளை மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே ரத்த அணுக்களைப் பார்க்க வேண்டும். லூக்கோவோரின் என்ற முறிவு மருந்து உண்டு. தாமதித்தால் பயன் குறையும். வறட்டு இருமலும் மூச்சிரைப்பும் நுரையீரல் பாதிப்பாக இருக்கலாம். கோட்ரைமாக்ஸசோல் என்ற ஆன்டிபயாட்டிக் சேர்ந்தால் மெத்தோட்ரெக்ஸேட்டின் நச்சு ஏறும். வலிக்கு டைக்ளோஃபெனாக்கைத் தானாக வாங்கிப் போடுவதும் வேண்டாம், செலிகாக்ஸிப் அந்தக் குடும்பம்தான். மாரடைப்பு வந்தவருக்கு அதுவே ஏற்றதல்ல.

மூன்றாவதாக ஒரு வழியும் இப்போது பேச்சில் இருக்கிறது. அதே டாடா குழு 2023-இல் வெளியிட்ட சோதனையில், வாரம் ஒரு நாள் சதுர மீட்டருக்கு 9 மில்லிகிராம் மெத்தோட்ரெக்ஸேட், செலிகாக்ஸிப், எர்லோடினிப் மாத்திரை மூன்றோடு, உடம்பின் எதிர்ப்புச் சக்தியைப் புற்றுக்கு எதிராகத் தூண்டும் நிவோலுமாப் ஊசியை மூன்று வாரத்துக்கு ஒரு முறை 20 மில்லிகிராம் மட்டும் சேர்த்தார்கள். வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு 240. ஓராண்டு உயிரோடிருந்தவர்கள் 16 சதவீதத்திலிருந்து 43 ஆக உயர்ந்தார்கள். ஊசிக்கு வழி இருப்பவர்கள் மருத்துவரிடம் இதைக் கேட்டே ஆக வேண்டும்.

மாத்திரை போட்டு இரண்டு மாதம் கழித்துக் கட்டி பெருத்தால், வலி மருந்து ஏறிக்கொண்டே போனால், அது வேலை செய்யவில்லை. இழுத்துக்கொண்டிராமல் நிறுத்திவிட்டு அடுத்ததைப் பேச வேண்டும். குழாய் வழியாகக் கொடுப்பவர்கள் மாத்திரையை வெறும் கையால் நசுக்க வேண்டாம். கையுறை போட்டு, தண்ணீரில் கரைத்து, பின்னால் நன்றாக நீர் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இந்த வேலையை வேறு யாராவது செய்யட்டும்.