செக்அவுட்ல தானா டிக் போட்டு வைக்கிறவங்ககிட்ட மாட்டிக்காதீங்க, 24,000 போச்சு

கை நடுங்குது, இருந்தாலும் இன்னிக்கே எழுதிடுறேன். வார்ப்பிரும்பு தோசைக்கல் ஆன்லைன்ல விக்கிறேன், கல்லு 1,250 ரூபா. ஆர்டர் மதிப்ப ஏத்தித் தர்றோம்னு ஒரு மார்க்கெட்டிங் ஏஜென்சி வந்தாங்க, பீஸ் 24,000. கடைக்கே வந்து உக்காந்து டீ குடிச்சிட்டு, வேற ஒரு கடையோட கிராஃப காட்டி "அண்ணே, கஸ்டமருக்கே தெரியாது, பில்லு தன்னால ஏறும்"னான் அந்தப் பையன். அந்த வார்த்தையிலயே எந்திரிச்சு போகச் சொல்லிருக்கணும், நான் ஜிபே பண்ணேன்.

அவங்க செஞ்சது இதான். கிப்ட் பேக்கிங் 99, பார்சல் பாதுகாப்பு 49, ரெண்டும் செக்அவுட்ல ஏற்கனவே டிக் ஆகியிருக்கும். முதல் வாரம் ஆவரேஜ் ஆர்டர் மதிப்பு ஏறுச்சு, நானும் சந்தோஷப்பட்டேன். அப்புறம் ஒரு அம்மா போன் பண்ணாங்க, "தம்பி, 1,250ன்னு பாத்துதான் போட்டேன், டெலிவரி பையன் 1,398 கேக்குறான், என் வீட்டு அடுப்புல வைக்கிற கல்லுக்கு எதுக்குப்பா கிப்ட் பேக்கிங்?" வாங்காம திருப்பி அனுப்பிட்டாங்க.

எங்களுக்கு முக்காவாசி கேஷ் ஆன் டெலிவரிதான். முன்னாடி நூத்துக்கு ஒம்போது திரும்பும், டிக் போட்டப்புறம் 31 ஆச்சு. கனமான சாமான், போக வர கூரியர் மட்டும் 260 ரூபா, கூடுதலா திரும்புன 22 கல்லுக்கு 5,720 தண்டம். கிப்ட் டப்பாவுல எனக்கு நிக்கிறதே 39 ரூபா, பார்சல் பாதுகாப்பு 49 அந்த ஆப் வச்சிருக்கிற கம்பெனிக்கு போயிடுது. ஆவரேஜ் ஏறுது, கைக்காசு கரையுது, அந்த கிராஃப்ல இது தெரியவே தெரியாது.

ஏஜென்சி பையன கேட்டா "உங்க பொருள் தரம் பாருங்க"ன்னான். அடுத்து "டெக்னிக்கல் டீம்ல இருக்கு", அடுத்து "சார் லீவு", இப்ப போனே எடுக்கல. 24,000 வாங்கும்போது ராத்திரி பத்து மணிக்கும் எடுத்தான்!

இதவிட பெரிய ஆபத்து, கேக்காம கூடையில சேர்க்கிறத கஸ்டமர ஏமாத்துற டிசைன தடுக்க 2023 நவம்பர்ல வந்த டார்க் பேட்டர்ன் வழிகாட்டுதல்லயே தப்புன்னு போட்டிருக்காங்க, பாஸ்கெட் ஸ்னீக்கிங்னு பேரு. புகார் வந்தா கடைக்காரன் நம்மளத்தான் முதல்ல கேப்பாங்க.

இப்ப அத தூக்கிட்டு கார்ட் பேஜ்ல கல்லுக்கு கீழயே தோசைத் திருப்பி 120 ரூபான்னு டிக் இல்லாம வச்சிருக்கேன், வேணும்னா ஒரு தட்டு, இல்லன்னா அப்படியே போயிடலாம். ஆறு பேருல ஒருத்தர் எடுக்குறாங்க, ரிட்டர்னும் பழைய அளவுக்கு வந்துடுச்சு.

விரிவா எழுதலாம்னு நெனச்சேன், முடியல. சுருக்கமா: கல்லோட சேந்து ஓடுற சாமான மட்டும் காட்டுங்க, அதுவும் கல்லு விலையில பத்துல ஒரு பங்குக்குள்ள. பணம் கட்டுற பக்கத்துல பாப்அப் வைக்காதீங்க. ஆவரேஜ நம்பாதீங்க, டெலிவரி ஆகி கைக்கு வந்த காச எண்ணுங்க. முழு பீஸ் முன்னாடியே கொடுக்காதீங்க, என் 24,000 இன்னும் வரல.