வெள்ளைச் சமன்: ஜன்னலுக்கா, தொங்கு விளக்குக்கா?

கணினியில் உருவாக்கிய ஒரு சமையலறை ரெண்டர் படத்தை எடுத்துக்கொள்வோம். இடப்பக்க ஜன்னலில் 6500 கெல்வின் பகல் வெளிச்சம், மேடைக்கு மேலே 2700 கெல்வினில் மூன்று தொங்கு விளக்குகள், அலமாரிகள் எல்லாம் வெள்ளை. கேமராவின் வெள்ளைச் சமனை எந்த ஒளிக்கு வைப்பது?

6500-க்கு வைத்தால் ஜன்னலோர அலமாரி சுத்த வெள்ளையாக நிற்கும். ஆனால் விளக்கடி மேடை மஞ்சள் கரைத்து ஊற்றியது போலாகிவிடும். அங்கே சிவப்புச் சேனல் உச்சத்தை முட்டிவிட்டால் கல்லின் ரேகைகளும் மறைந்துபோகும்.

2700-க்கு வைத்தால் மேடை தெளியும், அப்புறம் ஜன்னல் பக்கம் முழுக்க நீலம். பகல் காட்சி நிலா வெளிச்சம் போலத் தெரியும். மாலை மங்கும் நேரக் காட்சிக்கு மட்டும்தான் இதைத் தொடுவேன்.

பகல் காட்சிக்கு என் தேர்வு ஜன்னல் பக்கம் சாய்ந்த 5000. சரியான நடு 4600 என்று பலர் போடுவார்கள். ஆனால் கெல்வின் எண்ணும் கண் உணரும் நிறமாற்றமும் சம அளவில் நகர்வதில்லை. கெல்வின் எண்களின் தலைகீழ் மதிப்புகளுக்குச் சராசரி எடுத்து, அதை மறுபடி தலைகீழாக்கினால் நடு 3800-க்கு அருகில் வரும். 5000-இலும் மேடை ஆரஞ்சாகவே இருந்தால், சமனைத் தொடாமல் விளக்கை 3200-க்கு ஏற்றுங்கள். அலமாரியில் இரண்டு ஒளியும் கலக்கும் இடத்தில் நிறம் எடுக்கும் கருவியால் தொட்டுப் பாருங்கள்: சிவப்பு எண்ணும் நீல எண்ணும் ஏறக்குறைய சமமாக வந்தால் சரி.