தங்கம்–வெள்ளி ஜோடி வர்த்தகம்: 45 நாளில் பாதி மூடும் என்று சொல்லப்பட்ட இடைவெளி

2018-இல் என்னிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு ஒரு ஆலோசகர் கொடுத்த அதே தங்கம்–வெள்ளி வர்த்தக பிடிஎஃப், தேதிகள் மட்டும் மாற்றப்பட்டு, இப்போது வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி வருவதைப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். அவர் செபியில் பதிவு பெற்றவர் அல்லர் என்பதைப் பணம் போன பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அவர் சொன்ன முறை இதுதான். ஒரு கிராம் தங்கத்தின் விலையை ஒரு கிராம் வெள்ளியின் விலையால் வகுத்தால் கிடைக்கும் விகிதம், 2009 முதல் 2016 வரையிலான தரவில் ஏறத்தாழ 60-ஐச் சுற்றியே ஊசலாடியிருக்கிறது. இரண்டு விலைகளும் கோஇன்டெக்ரேஷன் உறவில் பிணைந்தவை, அதாவது தனித்தனியே எங்கு அலைந்தாலும் அவற்றுக்கிடையிலான இடைவெளி தன் சராசரிக்குத் திரும்பியே தீரும் என்றார். விலகலில் பாதி மறைய 45 வர்த்தக நாட்கள் போதும் என்றும் கணக்குக் காட்டினார். அப்போது விகிதம் 82. அது 60-க்குத் திரும்பும்போது வெள்ளியோடு ஒப்பிடத் தங்கம் மலிவாகும்; ஆகவே தங்கத்தை ஷார்ட் செய்து, அதாவது கையில் இல்லாமலே முன்கூட்டி விற்று, வெள்ளியை வாங்க வேண்டும்.

2018 செப்டம்பரில் எம்சிஎக்ஸ் பண்டச் சந்தையில் 3 லாட் கோல்டு மினியை 10 கிராம் ரூ. 30,500 விலையில் விற்று, 5 லாட் சில்வர் மினியைக் கிலோ ரூ. 37,000 விலையில் வாங்கினேன். ஒரு பக்கம் 300 கிராம் தங்கம், மறுபக்கம் 25 கிலோ வெள்ளி; இரண்டின் மதிப்பும் ஏறத்தாழ ரூ. 9.2 லட்சம். கணக்கில் வைத்திருந்த பணம் ரூ. 4 லட்சம். நாற்பத்தைந்து நாள் கடந்தது, பிறகு ஒரு வருடமும் கடந்தது. "இடைவெளி விரிந்திருப்பதால் வாய்ப்பு இன்னும் பெரிதாகியிருக்கிறது, பொறுத்திருங்கள்" என்பதே ஒவ்வொரு முறையும் அவரிடமிருந்து வந்த பதில். ஒப்பந்தம் முடியும்போதெல்லாம் அடுத்த ஒப்பந்தத்துக்கு ரோல்ஓவர் செய்ததில் தரகுக்கும் விலை வித்தியாசத்துக்கும் பணம் தனியாகக் கரைந்தது.

2020 மார்ச் நடுவில் கொரோனா அச்சத்தில் உலகெங்கும் ஆலைகள் மூடத் தொடங்கின. வெள்ளியின் தேவையில் ஏறக்குறைய பாதி தொழிற்சாலைகளிலிருந்து வருவதால் அது சரிந்தது. தங்கமோ நான் விற்ற விலைக்கு வெகு மேலே நின்றது. தங்கம் ரூ. 39,500-ஐயும் வெள்ளி ரூ. 35,000-ஐயும் ஒட்டி இருந்தபோது, தங்கத்தில் ரூ. 2,70,000, வெள்ளியில் ரூ. 50,000 என இரண்டு பக்கமும் நட்டம். ஒன்று இழந்தால் மற்றொன்று ஈடுகட்டும் என்று நம்பி வைத்திருந்த ஜோடி அது. ரோல்ஓவர் செலவையும் கழித்தால் மீதமிருந்தது ரூ. 80,000-க்கும் குறைவு. அது மார்ஜினுக்கு, அதாவது நிலைகளைத் தக்கவைக்கக் கட்ட வேண்டிய பிணைத்தொகைக்கு, போதாததால் தரகு நிறுவனமே என் நிலைகளை முடித்துவிட்டது. அந்த வாரம் உலகச் சந்தையில் விகிதம் 120-ஐத் தாண்டியது.

அதே ஆண்டு ஆகஸ்டில் தங்கம் ரூ. 56,000 அருகிலும் வெள்ளி ரூ. 77,000 அருகிலும் வந்தன. தாக்குப்பிடித்திருந்தால் தங்கத்தில் ரூ. 7,65,000 இழந்து வெள்ளியில் ரூ. 10,00,000 ஈட்டியிருப்பேன். இதைக் காட்டித்தான் "முறை சரி, உங்களிடம் மூலதனம் போதவில்லை" என்று அவர் இன்றும் வாதிடுகிறார். அந்த வாதம் தவறு என்று உறுதியாகச் சொல்வேன், ஏனெனில் அவர் இலக்காகச் சொன்னது 60. விகிதம் 2021 பிப்ரவரியில் 65-ஐ ஒட்டி வந்து திரும்பி, 2022-இல் 90-ஐயும் 2025 ஏப்ரலில் 100-ஐயும் கடந்தது. 60-க்குக் கீழே இறங்கியது 2025 டிசம்பரில்தான். 45 நாளில் பாதி மறையும் என்ற இடைவெளி முழுதாக மூட ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

பின்னர் புள்ளியியல் படித்த உறவினர் ஒருவருடன் உட்கார்ந்து அந்த பிடிஎஃபைப் பிரித்துப் பார்த்தேன். முதலில் தங்க விலையை வெள்ளி விலையோடு பொருத்தி, எஞ்சும் பிழைத்தொடர் தன் சராசரிக்குத் திரும்புகிறதா என்று `adfuller` என்ற பைதான் கட்டளை கொண்டு சோதித்திருக்கிறார். கிடைத்த மதிப்பு −3.05. அது −2.86 என்ற 5 விழுக்காட்டு எல்லைக்கும் கீழே இருப்பதால் தேர்ச்சி என்று எழுதியிருக்கிறார். ஆனால் அந்த எல்லை நேரடியாகக் கிடைத்த தொடருக்கு உரியது. பொருத்துதலே பிழையை இயன்றவரை சிறிதாக்கிவிடுவதால், அப்படிக் கிடைத்த பிழைத்தொடருக்கு எங்கிள்–கிரேஞ்சர் சோதனையின் கடுமையான எல்லை, அதாவது சுமார் −3.34, வேண்டும், `coint` என்ற கட்டளை அதைத்தான் பயன்படுத்துகிறது. அதன்படி பார்த்தால் அவருடைய சொந்தத் தரவே தேர்ச்சி பெறவில்லை.

காலவரம்பும் அவர் தேர்ந்தெடுத்ததே. 1980 ஜனவரியில் 17 அளவில் இருந்த விகிதம் 1991-இல் 100 வரை ஏறியது. 2011 ஏப்ரலில் 32 அளவுக்கு இறங்கியது. இவ்வளவு தூரம் நகரும் ஒன்றுக்கு எட்டு ஆண்டுச் சராசரியை நிலையான மையம் என்று சொல்ல முடியாது. மத்திய வங்கிகள் தங்கத்தை மட்டும் வாங்கிக் குவித்தால் மையமே இடம் பெயரும். அப்போது மூடுவதற்கு இடைவெளி என்று ஒன்று இருக்காது.

இந்த பிடிஎஃப் உங்களுக்கு வந்தால், காலவரம்பை 1980-இலிருந்து தொடங்கி அதே சோதனையை மீண்டும் நடத்திக் காட்டச் சொல்லுங்கள். விகிதம் 120 ஆகும் நாளில் இரண்டு பக்கமும் சேர்ந்து எத்தனை ரூபாய் மார்ஜின் கேட்கும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். நான் இரண்டையும் கேட்காமல் கையெழுத்திட்டேன்.